காணாமல் போன பெட்டியைக் கேமரா பதிவில் தேடும் முறை

கேள்வி: பாலக்கோட்டில் விதை, உரக் கடை வைத்திருக்கிறோம். சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அலமாரியில் நான் பார்த்த தக்காளி விதைப் பெட்டி, இரவு 8:45-க்குக் கடை அடைக்கும்போது இல்லை. நான்கு கேமரா இருக்கிறது. இரண்டு முறை வேகமாக ஓட்டிப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை. எப்படிப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம்?

பதில்:

பதிவை ஓட்டிப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, தாவித் தாவிப் பார்க்கத் தொடங்குங்கள். அலமாரியில் இருந்த ஒரு பெட்டி, எடுக்கப்படும் கணம் வரை எந்த நொடியில் பார்த்தாலும் அங்கே இருக்கும். எடுக்கப்பட்ட பிறகு எந்த நொடியில் பார்த்தாலும் இருக்காது. ஆகவே பதிவின் நடுவில் ஏதோ ஓரிடத்தில் நிறுத்திப் பார்க்கும் ஒரே ஒரு படம், நீங்கள் தேடும் சம்பவம் அதற்கு முன்னால் நடந்ததா பின்னால் நடந்ததா என்பதைச் சொல்லிவிடும். அந்த ஒரு படத்தில் பாதி நேரம் கழிந்துபோகும். மீதிப் பாதியின் நடுவில் மறுபடி ஒரு படம் பார்த்தால் அதிலும் பாதி கழியும். ஏழேகால் மணி நேரப் பதிவு, இப்படி ஏழெட்டுப் படங்களில் மூன்று நிமிடமாகச் சுருங்கிவிடும். அந்த மூன்று நிமிடத்தை மட்டும் இயல்பான வேகத்தில் ஓட்டிப் பார்த்தால் போதும்.

ஆனால் தேடத் தொடங்குவதற்கு முன் இரண்டு காரியங்களை முடித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, பதிவு அழியாமல் காப்பது. கேமராக் காட்சிகளைச் சேமிக்கும் கருவியான டிவிஆரில் உள்ள ஹார்டு டிஸ்க் நிரம்பியதும் மிகப் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு எழுதப்படும். அதற்கு எந்த எச்சரிக்கையும் வராது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் பதிவு செய்தால் நாளொன்றுக்கு 21 ஜிபி-க்குச் சற்று மேல் பிடிக்கும். நான்கு கேமராவுக்கு ஏறக்குறைய 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் உள்ள கடையில் பத்துப் பதினோரு நாளில் சனிக்கிழமைப் பதிவு மறைந்துவிடும் என்று பொருள். உங்கள் கேமராக்களின் அளவு வேறாக இருக்கலாம் என்பதால், பதிவில் கிடைக்கும் மிகப் பழைய நாள் எது என்று நாட்காட்டித் திரையில் பார்த்து, எத்தனை நாள் கையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அவகாசம் குறைவாக இருந்தால், தேடுவதற்கு முன்பே அந்த ஏழேகால் மணி நேரத்தையும் நான்கு கேமராவுக்கும் சேர்த்துப் பென் டிரைவிலோ வெளி டிஸ்கிலோ எடுத்து வைத்துவிடுவதே நல்லது.

இரண்டாவது, டிவிஆரின் கடிகாரம். கடைகளில் நான் பார்த்த டிவிஆர்களில் நேரம் சரியாக ஓடுவது குறைவு. உள்ளே இருக்கும் சிறு பட்டன் பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் போய் வரும்போது கடிகாரம் தவறிவிடும். இணைய இணைப்பு இல்லாமல் மாதக்கணக்கில் ஓடினால், அது மெல்ல மெல்ல விலகிக்கொண்டே போகும். உங்கள் கைபேசியையும் டிவிஆர் திரையின் நேரடிக் காட்சியையும் அருகருகே வைத்து, இரண்டிலும் காட்டும் நேரத்தை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைபேசியில் காலை 10:20, டிவிஆரில் 10:31 என்றால், டிவிஆர் 11 நிமிடம் முந்தி ஓடுகிறது. இந்த நிலையில் கடிகாரத்தை உடனே திருத்திவிடத் தோன்றும், திருத்தாதீர்கள். பழைய பதிவுகளில் பொறிக்கப்பட்ட நேரம் பழையபடியேதான் இருக்கும். கடிகாரத்தைத் திருத்திய பிறகு, அந்த வித்தியாசம் எவ்வளவு என்று காட்டும் சான்று உங்களிடம் இருக்காது. நேரத்தைப் பின்னோக்கித் திருத்தினால், ஒரே நேரத்துக்கு இரண்டு பதிவுகள் விழுந்து குழப்பமும் மிஞ்சும்.

இன்று இருக்கும் வித்தியாசமே சனிக்கிழமையும் இருந்ததா என்பதையும் சோதித்துவிடலாம். அன்று யாராவது ஜிபே, போன்பே வழியாகப் பணம் செலுத்தியிருப்பார்கள். அந்தப் பரிவர்த்தனையின் நேரம் உங்கள் கைபேசியிலோ வங்கிக் குறுஞ்செய்தியிலோ இருக்கும். அது நம்பத்தக்க நேரம். அதே வாடிக்கையாளர் கல்லாவின் முன் நின்று கியூஆர் அட்டையை நோக்கிக் கைபேசியை நீட்டும் காட்சியைக் கல்லாக் கேமராவில் தேடி, அங்கே பொறித்திருக்கும் நேரத்தைக் கழித்துப் பாருங்கள். பெரிய தொகையாக, மூட்டை எடுத்துப்போனவராகத் தேர்ந்துகொண்டால் அடையாளம் காண எளிது. இரண்டு வித்தியாசமும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் 11 நிமிடத்தை நம்பலாம். பில் மெஷினின் நேரத்தை மட்டும் வைத்து இதைச் செய்ய வேண்டாம். அந்த மெஷினின் கடிகாரத்தையும் யாரோ ஒருவர் கையால்தான் வைத்திருப்பார்.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். டிவிஆர் 11 நிமிடம் முந்தி ஓடுவதாக வைத்துக்கொண்டால், உங்கள் ஒன்றரை மணி பதிவில் 13:41 ஆகவும், 8:45 பதிவில் 20:56 ஆகவும் இருக்கும். அலமாரி நன்றாகத் தெரியும் ஒரே ஒரு கேமராவை மட்டும் முழுத் திரையில் திறந்துகொள்ளுங்கள். நான்கையும் கட்டம் கட்டமாக வைத்துப் பார்ப்பது இந்த வேலைக்கு உதவாது. பல டிவிஆர்கள் கட்டக் காட்சியில் தெளிவு குறைந்த துணைப் பதிவைத்தான் காட்டும். கைபேசிச் செயலியிலும் பெரும்பாலும் அப்படியே. அந்தத் தெளிவில் ஒரு விதைப் பெட்டி நான்கைந்து புள்ளிகளாகத்தான் தெரியும். கடையில் உள்ள மானிட்டரில், மவுஸை வைத்துக்கொண்டு, அலமாரியின் அந்தத் தட்டை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலில் இரண்டு ஓரங்களையும் உறுதி செய்யுங்கள். 13:41-இல் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறதா? 20:56-இல் உண்மையிலேயே இல்லையா? இதைப் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். ஆனால் பாதிச் சிக்கல் இங்கேயே இருக்கும். ஒன்றரை மணிக்குப் பார்த்ததாக நினைவு சொல்வது உண்மையில் காலை பத்து மணிக்குப் பார்த்ததாக இருக்கலாம். அப்படியானால் 13:41-இலேயே பெட்டி இருக்காது, நீங்கள் ஏழு மணி நேரத்தை வீணாகத் தேடியிருப்பீர்கள். பெட்டி தெரியும் நேரம் வரும்வரை பின்னோக்கித் தாவி, இடது ஓரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு படங்களையும் கைபேசியில் பிடித்துக்கொண்டால், அடுத்தடுத்த படங்களை ஒப்பிட அவை அளவுகோலாகப் பயன்படும்.

13:41-க்கும் 20:56-க்கும் இடையே 435 நிமிடம். நடுப்புள்ளி 17:18. அங்கே தாவிப் பார்க்கிறீர்கள். பெட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதியம் முழுவதும் கழிந்தது. அடுத்த நடுப்புள்ளி 19:07. அங்கே யாரோ ஒருவர் அலமாரியை மறைத்துக்கொண்டு நிற்கிறார். இப்படி நேர்ந்தால் ஊகம் செய்யாதீர்கள். அவர் விலகும் வரை முன்னோக்கி நகர்ந்து 19:11-இல் பாருங்கள். தட்டு காலி. ஆக, சம்பவம் 17:18-க்கும் 19:11-க்கும் இடையில். நடுவில் 18:14: இருக்கிறது. 18:42: இல்லை. 18:28: இருக்கிறது. 18:35: இருக்கிறது. 18:38: இல்லை. இப்போது கையில் மூன்று நிமிடம். 18:33-இல் தொடங்கி, இயல்பான வேகத்தில் 18:40 வரை பாருங்கள். அந்த நேரத்தில் கடையில் இருந்தவர் யார், கை நீட்டியது யார் என்பது அதில் வந்தாக வேண்டும். உண்மையான நேரத்துக்கு மாற்ற 11 நிமிடம் கழித்தால் மாலை 6:24-க்கும் 6:27-க்கும் இடைப்பட்ட நேரம். அந்த நேரத்துப் பில்களை எடுத்து மேசை மேல் வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு தாவலிலும் படத்தின் மேல் பொறித்திருக்கும் நேரத்தைப் படித்து, அதையே தாளில் எழுதுங்கள். நீங்கள் தட்டச்சு செய்த நேரத்தை எழுத வேண்டாம். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்பது உறுதியில்லை. அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யும்படி வைத்திருந்தால், அசைவில்லாத நேரத்துக்குப் பதிவே இருக்காது. அப்போது டிவிஆர், நீங்கள் கேட்ட 18:14-க்குப் பதிலாக அடுத்துப் பதிவு கிடைக்கும் 18:21-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். கரண்ட் போய் இன்வெர்ட்டரும் கைவிட்ட இடங்களிலும் இதே நிலைதான். கீழே உள்ள நேரப் பட்டையில் நிறமில்லாத இடைவெளிகள் எங்கே என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். பெட்டி மறைந்தது அப்படியோர் இடைவெளிக்குள் என்று முடிந்தால், அந்தக் கேமரா அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது. இடைவெளியின் இரு ஓரத்திலும் கடைக்குள் இருந்தவர்கள் யார் என்று மற்றக் கேமராக்களில்தான் தேட வேண்டும்.

நீங்கள் வேகமாக ஓட்டியபோது ஏன் தெரியவில்லை என்பதற்கும் காரணம் உண்டு. டிவிஆர் ஒவ்வொரு படத்தையும் முழுதாகச் சேமிப்பதில்லை. இடையிடையே ஒரு முழுப் படத்தைச் சேமித்து, அடுத்து வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதி வைக்கிறது. நொடிக்கு 25 படமும், 50 படத்துக்கு ஒரு முழுப் படமும் என்று அமைத்திருந்தால், முழுப் படம் இரண்டு நொடிக்கு ஒன்றுதான் வரும். 8 மடங்கு, 16 மடங்கு வேகத்தில் ஓட்டும்போது பல டிவிஆர்கள் இந்த முழுப் படங்களை மட்டும் காட்டிவிட்டு மற்றவற்றை விட்டுவிடும். தட்டிலிருந்து பெட்டியை எடுத்துப் பைக்குள் போட ஒன்றரை நொடி போதும். அந்தச் செயல் உங்கள் திரைக்கு வராமலேயே போயிருக்கலாம். அது போதாதென்று, ஓடும் பதிவில் கண் தானாகவே ஆட்களின் பின்னால் போகும், அலமாரியைப் பார்க்காது. நிறுத்திய படத்தில் பார்ப்பதற்கு அந்தத் தட்டு ஒன்றுதான் இருக்கும்.

இந்த முறை பிசகும் இடங்களில் முக்கியமானது, பொருள் ஒரு தடவைக்கு மேல் இடம்பெயர்வது. காரிமங்கலம் பக்கம் ஒரு பாத்திரக் கடையில் பித்தளைச் செம்பு ஒன்றைத் தேடியபோது, பாதி பாதியாகக் குறைத்து வந்த இடத்தில் ஒரு வயதான அம்மா அதைக் கையில் எடுத்தார். கடைக்காரர் உடனே, "இவங்கதான்" என்று எழுந்துவிட்டார். பதிவை மேலும் ஓட விட்டபோது அந்த அம்மா செம்பைத் தட்டிப் பார்த்து, விலை கேட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனார். செம்பு உண்மையில் போனது அதன் பிறகு ஒரு மணி நேரம் கழித்து. இடது ஓரத்தில் பொருள் இருந்து, வலது ஓரத்தில் இல்லாவிட்டால், இந்த முறை கட்டாயம் ஏதோ ஒரு எடுப்பைக் கண்டுபிடித்துக் கொடுக்கும். அது கடைசி எடுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆகவே எடுத்த கணத்தைக் கண்டதும் நிறுத்திவிடாமல், பொருள் திரும்பி வருகிறதா என்று தொடர்ந்து பாருங்கள். திரும்பி வந்தால், வந்த அந்த நேரத்தைப் புதிய இடது ஓரமாக வைத்துக்கொண்டு, வலது ஓரத்தை மாற்றாமல், மறுபடி பாதியாக்கிக்கொண்டு போங்கள். உங்கள் கடையில் வேலை செய்பவர்களே பெட்டியை இறக்கிப் பாக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப ஏற்றுவது வழக்கம் என்றால், இதை எதிர்பார்த்தே தொடங்க வேண்டும்.

விதைக் கடையில் இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரே நிறுவனத்தின் பெட்டிகள் ஒன்றின் பின் ஒன்றாக இருக்கும். முன்னால் உள்ளது போனதும், பின்னால் உள்ளதை யாரோ ஒருவர் முன்னுக்குத் தள்ளிவிடுவார். அப்போது "இருக்கிறதா இல்லையா" என்று கேட்டால் தவறான விடை வரும். எத்தனை பெட்டி தெரிகிறது என்று எண்ணிக்கொண்டு, அந்த எண்ணிக்கை குறையும் இடத்தைத் தேட வேண்டும். மாலையில் வெளிச்சம் குறைந்து கேமரா கறுப்பு வெள்ளைக் காட்சிக்கு மாறினால் பச்சைப் பெட்டியும் சிவப்புப் பெட்டியும் ஒரே சாம்பல் நிறமாகத் தெரியும். நிறத்தை விட்டுவிட்டு வடிவத்தையும், பக்கத்தில் உள்ள பெட்டிகளுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியையும் வைத்து ஒப்பிடுங்கள்.

அலமாரி எந்தக் கேமராவிலும் சரியாகத் தெரியவில்லை என்றாலோ, தேடுவது பொருளாக இல்லாமல் ஒரு நடத்தையாக, எடுத்துக்காட்டாகக் கல்லாவில் நடந்த ஒரு வாக்குவாதமாக இருந்தாலோ, பாதியாக்கும் முறை பயன்படாது. நடந்து முடிந்த பின் எந்தத் தடயமும் விடாத சம்பவத்துக்கு ஒரு படம் எதையும் சொல்லாது. ஓட்டித்தான் பார்க்க வேண்டும். அப்படி ஓட்டுவதென்றால் வாசல் கேமராவில் தொடங்குங்கள். இரண்டு மடங்கு வேகத்துக்கு மேல் போகாமல், உள்ளே வருபவர், வெளியே போகும் நேரம், கையில் என்ன இருக்கிறது என்று மூன்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே போனால், ஏழு மணி நேரத்தில் சந்தேகப்பட வேண்டிய ஆட்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைவார்கள். பல டிவிஆர்களில் `Smart Search` என்று ஒரு வசதி உண்டு; படத்தில் ஒரு பகுதியைக் கட்டம் போட்டுக் காட்டினால், அங்கே அசைவு இருந்த நேரங்களை மட்டும் எடுத்துக் கொடுக்கும். கட்டத்தைப் பொருளை ஒட்டிச் சிறிதாகப் போட்டால்தான் அது பயன்படும். முழு அலமாரிக்கும் போட்டால், கடந்து போன ஒவ்வொருவரின் தோளும் பட்டியலில் வந்து நிற்கும்.

எடுத்த கணம் கிடைத்த பிறகு, அந்த ஆளை மற்ற மூன்று கேமராக்களிலும் பின்தொடருங்கள்: கடைக்குள் எப்போது வந்தார், பெட்டியோடு எங்கே போனார், கல்லாவில் நின்றாரா, எந்தப் பக்கம் வெளியேறினார். நான்கும் ஒரே டிவிஆரில் இருப்பதால் நேரம் ஒத்துப்போகும். தனியே வாங்கி மாட்டிய வைஃபை கேமரா இருந்தால் அதன் கடிகாரத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இங்கே பொறுமை வேண்டும். பெட்டி தட்டை விட்டுப் போனதைக் கேமரா காட்டும். திருடினார் என்பதை அது காட்டாது. உர மூட்டைகளை வண்டியில் ஏற்றும்போது கடைப் பையனே பெட்டியையும் சேர்த்து ஏற்றியிருக்கலாம், பில்லில் விட்டுப்போயிருக்கலாம். கல்லாக் கேமராவில் அந்த ஆள் பணம் கொடுக்கும் காட்சியையும் அன்றைய பில்களையும் ஒத்துப் பார்ப்பதற்கு முன் யாரிடமும் பெயர் சொல்லாதீர்கள். அந்தத் துண்டுக் காட்சியை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதை அறவே தவிருங்கள்.

காவல் நிலையம் போக வேண்டிய விஷயம் என்று முடிவானால், மானிட்டரைக் கைபேசியில் படம் பிடித்ததைக் கொண்டுபோவது போதாது. டிவிஆரின் `Backup` வழியாக, சம்பவத்துக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து நிமிடம் சேர்த்து, அதன் சொந்த வடிவத்திலேயே எடுங்கள். அதை இயக்கும் பிளேயரையும் டிவிஆர் கொடுத்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். எம்பி4 ஆக மாற்றிய படி பார்ப்பதற்கு வசதி, ஆனால் மூலத்துக்கு மாற்று ஆகாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சான்றாக வைக்க ஒரு சான்றிதழைக் கேட்கிறது. அதில் கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். அந்த மதிப்பு கோப்பிலிருந்து கணக்கிட்டெடுக்கும் ஒரு நீண்ட எண். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அது முற்றிலும் மாறிவிடும். பென் டிரைவ் E என்ற எழுத்தில் வந்திருந்து, கோப்பின் பெயர் ch2.dav என்றால், விண்டோஸ் கணினியின் `Command Prompt` திரையில் அந்த மதிப்பை இப்படி எடுக்கலாம்:

```
certutil -hashfile E:\ch2.dav SHA256
```

திரையில் வரும் அந்த நீண்ட எண்ணை நேரம், தேதியோடு எழுதி, 11 நிமிட வித்தியாசத்தைக் குறித்த தாளையும் கைபேசி, டிவிஆர் இரண்டையும் ஒன்றாகப் பிடித்த படத்தையும் அதனுடன் இணைத்துக் கொடுங்கள். பதிவில் 18:36 என்றும் உங்கள் புகாரில் மாலை 6:25 என்றும் இருந்தால், அந்தத் தாள் இல்லாமல் இரண்டும் ஒரே நேரம்தான் என்று நிறுவுவது கடினம். பென் டிரைவைக் கொடுக்கும்போது இன்னொரு படியை உங்களிடம் வைத்துக்கொண்டு, வாங்கியதற்கு ஒப்புகை கேட்டுப் பெறுங்கள். இவையெல்லாம் முடிந்த பிறகு டிவிஆரின் கடிகாரத்தைத் திருத்தலாம். திருத்திய தேதியையும் நேரத்தையும் அதே நோட்டில் குறித்து வையுங்கள்.